கடலூர் – புதுச்சேரி லைன் திட்டம்: ஜூலை 6 முதல் செப்டம்பர் 26 வரை

விற்பனைப் பிரதிநிதிகள் ஐந்து பேருக்கும் சூப்பர்வைசருக்கும்,

வணக்கம். அடுத்த பன்னிரண்டு வாரங்களுக்கான லைன் இதில் இருக்கிறது. பழைய லைனில் திருப்பாதிரிப்புலியூரில் சில கடைகளுக்கு வாரம் மூன்று முறை போனோம். காட்டுமன்னார்கோயில் பக்கம் மாதக்கணக்கில் யாருமே போகாத கடைகள் இருந்தன. யாருடைய உழைப்பிலும் குறை இல்லை, லைன் போட்ட விதம்தான் சரியில்லை. இந்த முறை கடைக்காரர் எப்போது வாங்குகிறார் என்பதைப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

எத்தனை விசிட் நம்மால் முடியும்

நம் பட்டியலில் 1,136 கடைகள் இருக்கின்றன. அவற்றில் 36 முக்கியக் கடைகள், 340 வாரக் கடைகள், 760 இருவாரக் கடைகள். முக்கியக் கடையில் ஸ்டாக் எண்ணி, தேதி பார்த்து, பழைய பாக்கி பேசி வர சாதாரணக் கடைபோல மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் அங்கே ஒரு விசிட்டை மூன்றாகக் கணக்கிட்டிருக்கிறேன். நான்கு வாரத்துக்கு முக்கியக் கடைகள் 432, வாரக் கடைகள் 1,360, இருவாரக் கடைகள் 1,520, ஆக மொத்தம் 3,312 விசிட்.

விடுமுறை, மழை, மீட்டிங் கழித்து ஒருவருக்கு நான்கு வாரத்தில் 22 வேலை நாள், நாளுக்கு 32 விசிட் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 3,520. மிச்சம் 208. இது புதுக் கடை திறப்பதற்கான நேரம், இதை வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். எல்லாக் கடைக்கும் வாரம் ஒருமுறை போகலாமே என்று சிலர் கேட்டீர்கள். அதற்கு 4,832 விசிட் வேண்டும். ஆள் கூட்டாமல் அது நடக்காது. கூட்டினாலும், பதினைந்து நாளுக்கு ஒரு பெட்டி சேமியா எடுக்கிற கடையில் நான்கு முறை நின்று என்ன பயன்?

எல்லை பிரித்த விதம்

இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன். புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பது உங்களுக்கே தெரியும். கிருமாம்பாக்கமும் கன்னியக்கோயிலும் கடலூருக்குப் பக்கம், ஆனால் புதுச்சேரி மாநிலம். தூரத்தை மட்டும் பார்த்தால் கடலூர் ஆள்தான் போக வேண்டும். ஆனால் கடலூர் ஸ்டாக்கிஸ்ட் அங்கே பில் போட்டால் அது வெளிமாநில விற்பனை. ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில்லும் எடுக்க வேண்டும். ஒரே கடைக்கு இரண்டு ஸ்டாக்கிஸ்ட் பில் போய், ஸ்கீம் சரக்கில் தகராறு வந்ததும் இந்தப் பகுதியில்தான்.

எனவே, கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில ஸ்டாக்கிஸ்ட்தான் பில் போட வேண்டும், அவருடைய ஆள்தான் ஆர்டர் எடுக்க வேண்டும். பாகூர் வரை புதுச்சேரி புறநகர் ஆள் வருவார். ரெட்டிச்சாவடியிலிருந்து கடலூர் ஆள் பார்ப்பார். பெட்ரோல் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. கோட்டக்குப்பம் புதுச்சேரி நகரத்தை ஒட்டி இருந்தாலும் விழுப்புரம் மாவட்டம். அது விழுப்புரம் ஸ்டாக்கிஸ்ட்டுக்கு. கடைக்காரர் கூப்பிட்டாலும் அங்கே ஆர்டர் எழுதாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.

மற்ற பிரிவுகள் எளிதானவை. புதுச்சேரி நகரம் ஒருவருக்கு, முக்கியக் கடை 11. வில்லியனூர், மதகடிப்பட்டு, அரியாங்குப்பம், பாகூர் சேர்ந்த புறநகர் ஒருவருக்கு, முக்கியக் கடை 4. கடலூர், நெல்லிக்குப்பம் ஒருவருக்கு, 9. பண்ருட்டி, வடலூர், நெய்வேலி, விருத்தாசலம் ஒருவருக்கு, 7. சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் ஒருவருக்கு, 5.

லைன் நாட்கள்

சிதம்பரம் தம்பி இனி காலை மீட்டிங்குக்குக் கடலூர் வர வேண்டாம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்து, திரும்பிப் போய் முதல் கடையில் நிற்கும்போது மணி பதினொன்றரை ஆகிவிடுகிறது. போனில் பேசிக்கொள்வோம். சனிக்கிழமை மாலை மட்டும் நேரில் வந்தால் போதும்.

மதகடிப்பட்டில் செவ்வாய் சந்தை. அன்று கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அங்கே திங்கள் லைன். ஆர்டர் காலையிலேயே வர வேண்டும், வண்டி அன்று மாலைக்குள் இறக்கிவிட வேண்டும். செவ்வாய் அன்று நம் சரக்கு அலமாரியில் இருப்பதுதான் முக்கியம்.

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் மதியம் பல கடைகள் சாத்திவிடுவார்கள். காலையில் பெரிய மார்க்கெட்டும் நேரு வீதியும் முடித்துவிட்டு, மதியத்தில் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை தெருக்கடைகளுக்குப் போங்கள். வீட்டோடு சேர்ந்த கடைகள் அங்கே திறந்திருக்கும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மாதச் சம்பளக் குடும்பங்கள் அதிகம். மாதத்தின் முதல் வாரத்தில்தான் மளிகை பெரிதாக ஓடும். அதற்கு முந்தைய வாரமே, 25-ஆம் தேதிக்குள், ஆர்டர் எடுத்துவிடுங்கள். ஒன்றாம் தேதி போய் நின்றால் இன்னொரு கம்பெனி இடத்தைப் பிடித்திருக்கும். விருத்தாசலம் தனியாக ஒதுங்கி இருப்பதால் வெள்ளி முழுநாளும் அங்கேயே. அரைநாள் போய்த் திரும்புவது வீண்.

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டைக் கடைகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் சுருங்கியது. இப்போது படகுகள் கடலுக்குப் போகின்றன. தடைக்காலத்தில் ஆர்டர் குறைந்ததால் இருவாரப் பட்டியலுக்குத் தள்ளிய கடைகளை மறுபடி வாரப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். பழைய பாக்கியை ஒரே விசிட்டில் மொத்தமாகக் கேட்காதீர்கள். வாரம் கொஞ்சமாக வாங்குங்கள். அந்தக் கடைக்காரர்களும் கடன் கொடுத்துத்தான் ஊரை ஓட்டினார்கள்.

ஆடியில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவு ஜூலை 13-க்குள் கோயில் பக்கத்துக் கடைகளில் இருக்க வேண்டும். எந்தக் கோயிலில் எந்த வாரம் என்பதைக் கடைக்காரரிடமே கேளுங்கள், அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

முக்கியக் கடைகள்

36 கடைகளுக்கும் வாரம் ஒரு முழு விசிட், நடுவில் ஒரு போன். முதலாளி கல்லாவில் உட்காரும் நேரத்தில் போங்கள். சூப்பர் மார்க்கெட்டில் கொள்முதல் பார்ப்பவரும் அலமாரி அடுக்கும் பையனும் வேறு வேறு ஆட்கள். இருவரையும் பார்க்காமல் வெளியே வராதீர்கள். ஆர்டர் கிடைத்தும் சரக்கு கோடவுனிலேயே கிடந்தால் அடுத்த மாதம் ரிட்டர்ன்தான் வரும்.

ஒவ்வொரு முக்கியக் கடைக்கும் சூப்பர்வைசர் மாதம் ஒருமுறை உங்களோடு வருவார். நீங்கள் விடுப்பில் இருந்தாலும் அந்தக் கடைக்கு விசிட் தவறக் கூடாது, அவர் போவார். மொத்தக்கடைகளில் இன்னொன்று: நம் மசாலாவைச் சில்லறைக் கடைகளுக்கு நம்மைவிடக் குறைந்த விலையில் தள்ளுகிறார்கள் என்று தெரிந்தால் அங்கேயே சண்டை போடாதீர்கள். பில் நகலோ பெட்டியின் பேட்ச் எண்ணோ எனக்கு அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

பட்டியல் மாற்றம்

வாரக் கடையில் தொடர்ந்து நான்கு விசிட் ஆர்டர் இல்லையென்றால் இருவாரத்துக்கு இறக்குவோம். இருவாரக் கடை மூன்று விசிட் தொடர்ந்து வாரக் கடை அளவுக்கு எடுத்தால் ஏற்றுவோம். நீங்களாக மாற்ற வேண்டாம், சனிக்கிழமை கூட்டத்தில் சொல்லுங்கள். கடைக்காரர் வீட்டில் துக்கம், கடை மராமத்து போன்ற காரணம் இருந்தால் அதையும் எழுதுங்கள், அந்த விசிட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அக்டோபரில் மழை தொடங்கினால் கடலூரில் தாழ்வான தெருக்களுக்கு வண்டி போகாது. அதற்குத் தனி லைன் செப்டம்பர் கடைசி வாரத்தில் தருகிறேன்.

உங்கள் பகுதிப் பட்டியலில் விட்டுப்போன கடை, மூடிய கடை, கைமாறிய கடை இருந்தால் ஜூலை 3, வெள்ளி மாலைக்குள் சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுங்கள். திங்கள் காலை புது லைனில் கிளம்புகிறோம்.

பகுதி விற்பனை மேலாளர்
கடலூர் – புதுச்சேரி