அளவு ஜாக்கெட்

ஆடி மாசத்தில் எவளாவது விலை ஏற்றுவாளா? கடலூர் லாரன்ஸ் ரோடு முழுக்க ஆடித் தள்ளுபடி போர்டு தொங்குகிறது. நான் மட்டும் கடை வாசலில் அட்டை மாட்டினேன். சாதா ஜாக்கெட் 120, லைனிங் 220. அதற்கு முதல் நாள் வரை 80, 160.

160 என்பது 2012-ல் வைத்த விலை. தானே புயலில் வீட்டுக் கூரை போய், அம்மா கம்மலை அடகு வைத்துப் பழைய மிஷின் ஒன்று வாங்கி, திருப்பாதிரிப்புலியூரில் இந்தப் பத்தடி கடையைப் பிடித்தபோது பக்கத்துக் கடைக்காரர் அந்த விலையே வாங்கச் சொன்னார். அவர் கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. அவர் சொன்ன விலையை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டது என் மகள். பெரியார் கலைக் கல்லூரியில் பி.காம் படிக்கிறாள். லைனிங் துணி 60, நூல் ஊக்கு கேன்வாஸ் 15, ஹெம்மிங் பண்ணி ஊக்கு வைக்கிற எதிர்வீட்டு அக்காவுக்கு 20, வாடகையும் கரண்டும் ஒரு ஜாக்கெட் தலையில் 25. மிச்சம் 40. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம் குனிந்த கழுத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"இதுல உன் கூலி எங்கம்மா?" என்றாள்.

நான் அந்த 40-ஐக் காட்டினேன். அவள் பதில் பேசவில்லை. ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு அட்டை தேடப் போய்விட்டாள்.

மிஷினுக்குப் பின்னால் ஆணியில் பெரிய கட்டைப் பை ஒன்று தொங்கும். வாடிக்கைக்காரர்களின் அளவு ஜாக்கெட் எல்லாம் அதில்தான். ஒவ்வொரு தடவையும் தூக்கிவர வேண்டாம் என்று பழகியவர்கள் ஒன்றை என்னிடமே விட்டுவிடுவார்கள். விலை ஏற்றிய அன்று எண்ணிப் பார்த்தேன், 26 இருந்தன. எதற்கு எண்ணினேன் என்று கேட்டால் தெரியாது. பயந்தவள் எதையாவது எண்ணத்தானே செய்வாள்.

முதலில் வந்தது டீச்சரக்கா. "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டி" என்று வருஷம் முழுக்கச் சொல்கிறவர். என் மகளுக்குப் பழைய கைடு எல்லாம் கொடுத்தவர். அட்டையைப் படித்தார்.

"சரிதான், எல்லாமே ஏறிப்போச்சு. நீ மட்டும் என்ன பண்ணுவ" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, நன்றியில். அப்புறம் கைப்பையைத் திறக்காமலே கேட்டார்: "என் அளவு ஜாக்கெட்டைக் குடேன். ஊருக்குப் போறேன், போட்டுக்க ஒண்ணு கொறையுது."

அது வெளுத்துப்போன பச்சை. ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்கிற ஜாக்கெட்டே இல்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மூன்று வாரத்தில் பதினோரு ஜாக்கெட் போயிற்று. ஒருத்திக்கு உடம்பு பெருத்துவிட்டதாம், வேறு அளவு கொண்டுவருவாளாம். ஒருத்தியின் நாத்தனாருக்கு அதே அளவாம். பேங்க் மேடம் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். எல்லாரும் சிரித்த முகமாகத்தான் வந்தார்கள். விலையைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கவில்லை.

திறந்தது தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா ஒருத்திதான். அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"இருநூத்தி இருபதா! ஏன்டி, கொள்ளையடிக்கிறதுன்னு எறங்கிட்டியா? இதுக்கு நான் எத்தனை தெரு கூடை சொமக்கணும் தெரியுமா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "தடைக்காலத்துல ரெண்டு மாசம் நீ சொன்ன வெலைக்குத்தானே மீன் வாங்கித் தின்னேன்? ஒரு வார்த்தை கேட்டனா?"

"கடல்ல படகு போகாதப்ப வெல ஏறாம என்னடி பண்ணும்?"

"நூலும் லைனிங்கும் உன் கடல்லயா வெளையுது?"

முறைத்தாள். "வாயி மட்டும் நல்லா தைக்குது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன். ராத்திரி கடையைக் கூட்டும்போது பார்த்தால் மேஜைக்கடியில் அவள் துணிப்பை கிடக்கிறது. உள்ளே மூன்று ஜாக்கெட் துணி. மறந்துவிட்டுப் போனாள், திரும்பி வந்து வாங்கிப்போவாள் என்று தொடாமல் வைத்திருந்தேன்.

எட்டு நாள் கழித்து வந்தாள். "என்னாது, இன்னும் வெட்டக்கூட இல்லையா? ஏத்துன காசுக்காவது சீக்கிரம் தைக்கக் கூடாதா?"

மஞ்சக்குப்பத்திலிருந்து வருகிற அக்கா ஒருத்தர் உண்டு. பகலில் வரமாட்டார், கடை சாத்துகிற நேரத்துக்குத்தான் வருவார். ஆறு வருஷம் முன்னால் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் இடது பக்கம் உள்ளே பை மாதிரி அடித்து, பஞ்சு வைத்த திண்டு ஒன்று செருகிக்கொள்கிற மாதிரி தைப்பேன். முதல் ஜாக்கெட்டை நான்கு தடவை பிரித்துத் தைத்தோம். அதில் கிடைத்தது லாபமா நஷ்டமா என்று நான் பார்த்ததில்லை.

அவர் வந்தபோது அட்டை என் முதுகுக்குப் பின்னால் மறைகிற மாதிரி நகர்ந்து நின்றுகொண்டேன். 160 என்றேன்.

"வெளிய 220-ன்னு போட்டிருக்கு."

"உங்களுக்கு இல்லக்கா."

முகம் மாறிவிட்டது. "ஏன், நான் என்ன பாவப்பட்டவளா? இங்க வந்தாதான் நானும் மத்தவங்க மாதிரி ஜாக்கெட் தைக்கிறவளா இருக்கேன். அதைக் கெடுக்காத."

220-ஐ எண்ணி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இவருக்கு வேறு எங்கும் போக முடியாது, அதனால்தான் வருகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

ஆவணியில் முகூர்த்தம் தொடங்கியது. ஒரு மத்தியானம் டீச்சரக்கா வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் அரக்குப் பட்டு ஜாக்கெட். மறுநாள் அக்கா மகள் கல்யாணம். கை தூக்கினால் அக்குள் பிடிக்கிறது, முதுகில் சுருக்கம், கழுத்து தோளை விட்டு இறங்குகிறது. யார் தைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அளவுக்குக் கொடுத்தது அந்த வெளுத்த பச்சையாகத்தான் இருக்கும். நல்லவேளை, உள்ளே முக்கால் இஞ்ச் தையல் விட்டிருந்தார்கள். கையைப் பிரித்து வைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"60 ரூபாய்க்கா."

"ஆல்டர் பண்றதுக்கு எப்பலேர்ந்து காசு வாங்குற?"

நான் தைத்ததைத்தான் சும்மா ஆல்டர் பண்ணுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவுக்கு வந்தது.

"ஏம்மா, மீன் வேற எங்கயாவது வாங்கிக்கினு, என்கிட்ட வந்து ஆஞ்சு குடுன்னா சும்மாவா ஆஞ்சு குடுப்பேன்?"

டீச்சரக்கா 60-ஐ எடுத்து வைத்தார். கட்டைப் பையை ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், "வரேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மிஷினில் ஊசி துணிக்குள் இறங்கி நின்றது, எழுந்திருக்கவில்லை.

"என்னுது ஆச்சா?" என்றாள் மீன்காரம்மா.

கடைசி ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தை இழுத்து, ஊக்கை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து 200 ரூபாய் எடுத்து நீட்டினாள்.

"மீதி இருபது?"

"நாளைக்குத் தரேன்டி, எங்க ஓடிடப் போறேன்?"

அந்த இருபது ரூபாய் இன்னும் நோட்டில் அப்படியே நிற்கிறது.