நகைச் சீட்டு வாடிக்கையாளர்களுக்கு: திருடுபோன உங்கள் விவரங்களும், உடனே செய்ய வேண்டியவையும்

தலைமை அலுவலகம், திருச்சி
26 பிப்ரவரி 2026

அன்புள்ள வாடிக்கையாளருக்கு,

வணக்கம். நம் கடையில் நகைச் சீட்டு கட்டிவரும் உங்களுடைய சொந்த விவரங்கள் சில திருடப்பட்டுவிட்டன. நீங்கள் கட்டிய பணத்துக்கும், உங்கள் பேரில் சேர்ந்திருக்கும் தங்கத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கணக்கு தனிக் கணினியில் இருக்கிறது. ஒவ்வொரு கிளையின் லெட்ஜரோடும் ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் போன விவரங்களை வைத்துக்கொண்டு உங்களை ஏமாற்றப் பார்ப்பார்கள். அதனால் இந்தக் கடிதத்தை முழுதும் படியுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் படித்துக்காட்டுங்கள்.

பிப்ரவரி 18 அதிகாலை 2 மணிக்கு மேல், நம் ஆப்பைப் பராமரிக்கும் நிறுவனத்தின் லாகின் ஒன்றைக் கொண்டு யாரோ உள்ளே நுழைந்து, சீட்டு வாடிக்கையாளர் விவரங்களின் பேக்கப் கோப்பை இறக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த லாகின், அங்கே வேலையை விட்டுப்போன ஒருவருடையது. அவர் போன அன்றே அதை மூடியிருக்க வேண்டும். மூடியாயிற்றா என்று கேட்டுச் சரிபார்த்திருக்க வேண்டியது நாங்கள். நீங்கள் நம்பி விவரங்களைக் கொடுத்தது எங்களிடம்தான். எனவே வெளி நிறுவனத்தைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க மாட்டோம். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

23-ம் தேதி காலையில் இது தெரியவந்தது. அன்றே அந்த லாகினை மூடி, மற்ற எல்லா லாகின்களின் ரகசியக் குறியீடுகளையும் மாற்றினோம். இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் செர்ட்-இன் என்ற அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2022-ம் ஆண்டு உத்தரவு, அதன்படி தெரிவித்தாயிற்று. சைபர் கிரைம் போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறோம். யார் யாருடைய விவரம் போயிற்று என்று பிரித்தெடுக்கத்தான் அடுத்த இரண்டு நாளும் ஆனது.

அந்தக் கோப்பில் இருந்தவை: உங்கள் பெயர், வீட்டு முகவரி, செல் நம்பர், சீட்டு எண், மாதத் தவணைத் தொகை, எத்தனை தவணை கட்டியிருக்கிறீர்கள், எப்போது முடிகிறது, நாமினியின் பெயர், அவர் உங்களுக்கு என்ன உறவு. இவற்றோடு பான் எண்ணும், சேரும்போது நீங்கள் கொடுத்த ஆதார் நகலின் ஸ்கேனும். ஆதார் நகல் போனவர்களுக்கு மட்டுமே இந்தக் கடிதம் வருகிறது. மற்றவர்களுக்குத் தனிக் கடிதம். உங்கள் பேங்க் கணக்கு எண், ஏடிஎம் கார்டு விவரம், யுபிஐ பின் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, அதனால் அவை போகவில்லை. ஆப்பின் பாஸ்வேர்டு திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றித்தான் சேமிக்கப்பட்டிருந்தது. இருந்தாலும் எளிதான பாஸ்வேர்டாக இருந்தால் ஊகித்துவிடுவார்கள்.

இப்போது எனக்கு இருக்கிற பெரிய கவலையைச் சொல்கிறேன். இதுவரை வந்த மோசடி போன்களில் எதிராளிக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். இனிமேல் அப்படி இருக்காது. "அம்மா, நகைக் கடையிலிருந்து பேசறேன். உங்க சீட்டு பத்து தவணை முடிஞ்சுது, அடுத்த மாசம் கடைசித் தவணை. நாமினி உங்க பொண்ணுதானே? உங்களுக்கு ஒரு கிராம் போனஸ் விழுந்திருக்கு, வர்ற ஓடிபிய மட்டும் சொல்லுங்க" என்று சரளமாகப் பேசுவார்கள். சொல்கிற ஒவ்வொரு விவரமும் சரியாக இருக்கும். 24-ம் தேதி தஞ்சாவூர்க் கிளை வாடிக்கையாளர் ஒருவருக்கு ஏறக்குறைய இப்படித்தான் போன் வந்தது. அவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டார். நீங்களும் அதையே செய்யுங்கள். உங்கள் விவரம் ஒருவருக்குத் தெரிந்திருப்பதால் மட்டும் அவர் நம் கடை ஆள் ஆகிவிட மாட்டார்.

நம் கடையிலிருந்து யாரும் போனில் ஓடிபி கேட்க மாட்டார்கள். தவணையைப் புது யுபிஐ நம்பருக்கு அனுப்பச் சொல்ல மாட்டார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் போடவே வேண்டியதில்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். வாட்ஸாப்பில் "இ-பாஸ்புக்", "சீட்டு முதிர்வு" என்ற பெயரில், கடைசியில் .apk என்று முடியும் ஃபைல் வந்தால் தொடாதீர்கள். அது போனில் ஏறிவிட்டால் உங்களுக்கு வருகிற ஓடிபியை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

நாமினியிடம் இன்றே பேசிவிடுங்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மகள் கல்யாணத்துக்கென்று கட்டுகிறவர்கள் நம்மிடம் நிறையப் பேர். நாமினியாக இருப்பது பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். "அம்மாவுக்கு அவசரம், சீட்டை உடைக்கணும், பணம் கட்டுங்க" என்று அவர்களுக்கும் போன் போகலாம்.

அப்புறம் ஆதார். நகல் ஒருவர் கையில் இருப்பதால் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது. ஆதார் வழியாகப் பணம் எடுக்கக் கைரேகை போன்ற அடையாளமும் வேண்டும். ஆனாலும் பூட்டிவைப்பது நல்லது. எம்-ஆதார் ஆப்பிலோ myaadhaar.uidai.gov.in தளத்திலோ பயோமெட்ரிக்கைப் பூட்டலாம். பூட்டியபின் ரேஷன் கடையில் கைரேகை ஏற்காது. போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அதே தளத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குப் பேசுங்கள்.

உங்கள் பேரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை sancharsaathi.gov.in தளத்தில் பார்க்கலாம். உங்களுடையதல்லாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பான் எண்ணைக் காட்டி யாராவது கடன் வாங்கியிருந்தால் சிபில் அறிக்கையில் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். இப்போது ஒருமுறை பாருங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொருமுறையும் பாருங்கள். இந்த இரண்டாவது முறைக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் ரசீதைக் கிளையில் கொடுங்கள், அந்தப் பணத்தைத் தந்துவிடுகிறோம். ஆப்பில் எல்லோரையும் வெளியேற்றிவிட்டோம். புது பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ளே வர முடியும். பழைய பாஸ்வேர்டையே ஈமெயிலுக்கோ வேறெதற்கோ வைத்திருந்தால் அங்கேயும் மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். எப்படிச் செய்வதென்று தெரியாவிட்டால் கிளைக்கு வாருங்கள். நம் ஆட்கள் கூட உட்கார்ந்து செய்து தருவார்கள்.

எங்கள் பக்கம்: ஏப்ரல் 30 வரை சீட்டு முடித்து நகை வாங்க, சீட்டுதாரர் அசல் பாஸ்புக்கோடு நேரில் வர வேண்டும். ஓடிபியை மட்டும் வைத்து யாருக்கும் நகை தரப்படாது. உடம்பு முடியாதவர்கள் சொன்னால், முன்பே நேரம் குறித்துக்கொண்டு மேனேஜர் வீட்டுக்கு வருவார். இதையும் தாண்டி உங்கள் சீட்டிலிருந்து வேறொருவர் நகை வாங்கிவிட்டால் அந்த நஷ்டம் முழுக்கக் கடையுடையது. பழைய ஆதார் ஸ்கேன்களை எங்கள் கணினியிலிருந்து அழித்துக்கொண்டிருக்கிறோம். இனி முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை மட்டுமே வாங்குவோம்.

இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே எங்கள் போன் நம்பரைப் போடவில்லை. இதே மாதிரி ஒரு போலிக் கடிதம் வேறு நம்பரோடு உங்களுக்கு வரலாம். உங்கள் பாஸ்புக்கின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் கிளை எண்ணுக்கு மட்டும் கூப்பிடுங்கள். மார்ச் 31 வரை ஞாயிறு உட்பட காலை 9 முதல் இரவு 9 வரை இதற்கென்றே ஆள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்பு அதிகாரி