“சோழர்” என்று தேடினால் பழைய நூல்கள் வருவதில்லை: ஒகர, ஓகார எழுத்துள்ள எல்லாச் சொற்களுக்கும் இதே நிலை

இடம்: ஸ்ரீராமபுரம் வாசகசாலை, பெங்களூரு
செயலி: நூலகச் செயலி 2.4.1, விண்டோஸ் 10, ஃபயர்பாக்ஸ், குரோம் இரண்டிலும்
கடுமை: அதிகம். செயலி நிற்கவில்லை, ஆனால் தப்பான பதிலைத் தயங்காமல் தருகிறது.

நடந்தது

தேடல் பெட்டியில் “சோழர்” என்று தட்டினால் 3 நூல்கள் வருகின்றன. பட்டியலில் இருக்கும் பதிவுகள் 19. வந்த மூன்றும் 2023க்குப் பிறகு நாங்களே நேரடியாகத் தட்டி ஏற்றியவை. வராத பதினாறும் பழைய பாமினி எழுத்துருப் பட்டியலிலிருந்து 2023 மார்ச்சில் மாற்றி ஏற்றப்பட்டவை.

சேரர், பாண்டியர், பல்லவர் எல்லாம் பழையது புதியது பாராமல் வந்து நிற்கிறார்கள். சோழருக்கு மட்டும்தான் வழி அடைபட்டிருக்கிறது. கொங்கு, தொல்லியல், நோய், பொருளாதாரம் ஆகிய சொற்களிலும் இதே கதை.

நடந்திருக்க வேண்டியது

19 பதிவுகளும் வரவேண்டும். திரையில் ஒரே மாதிரி தெரியும் சொல் எப்போது, எந்த வழியில் ஏறியிருந்தாலும் ஒரே சொல்லாகவே தேடப்பட வேண்டும்.

மறுபடி வரவழைக்க

1. நூலகர் கணக்கில் நுழைந்து “நூல்கள்” பக்கத்துக்குப் போங்கள். வடிகட்டி எதுவும் வேண்டாம்.
2. தேடல் பெட்டியில் “சோழர்” என்று தட்டுங்கள். 3 முடிவுகள் வரும்.
3. பெட்டியைக் காலி செய்துவிட்டு பதிவு எண் 1184ஐத் திறந்து, தலைப்பில் உள்ள “சோழர்” என்ற சொல்லை மட்டும் நகலெடுங்கள்.
4. அதைத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். 16 முடிவுகள் வரும். முன்பு வந்த மூன்றும் இப்போது இருக்காது.
5. இப்போது வெறும் “சே” என்று தட்டுங்கள். சேரரோடு சேர்ந்து அந்தப் பதினாறு சோழர் நூல்களும் வரும்.

ஒவ்வொரு முறையும் தவறாமல் இப்படியே ஆகிறது. மடிக்கணினியில் தமிழ்99, கைபேசியில் ஜிபோர்டு என இரண்டிலும் பார்த்தாயிற்று, விசைப்பலகை காரணமில்லை.

என் ஊகம்

ஐந்தாம் படிதான் குட்டை உடைத்தது. பாமினியில் “சோ” என்பது கொம்பு, ச, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். மாற்றி ஏற்றிய நிரல் கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறது, ஆனால் கொம்பையும் காலையும் ஒன்றாக்கவில்லை. அதனால் பழைய பதிவுகளில் U+0BC7, U+0BBE என இரண்டு குறிகள். நாங்கள் தட்டுவதில் U+0BCB என ஒரே குறி. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். உங்கள் தேடல் அப்படிப் பார்ப்பதில்லை.

```
>>> import unicodedata
>>> a = "\u0b9a\u0bcb"
>>> b = "\u0b9a\u0bc7\u0bbe"
>>> a == b
False
>>> unicodedata.normalize("NFC", b) == a
True
```

சேமித்த தரவையும் தேடும் சொல்லையும் இப்படி `NFC` ஆக்கினால் போதும் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் செய்தால் சிக்கல் இடம் மாறுமே தவிரப் போகாது. அகரவரிசைப் பட்டியலும் இதோடு சரியாக வேண்டும்: இப்போது பழைய “கொங்கு” நூல்கள் “கெ”வுக்கு அடுத்தும், புதியவை “கை”க்கு அப்பாலும் நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. சில பழைய தலைப்புகளில் “கௌ”வுக்குப் பதில் கெ, ள என்று தட்டியிருக்கிறார்கள். அது `NFC`யால் சரியாகாது, இந்தப் பிழையிலும் சேராது, தனியாக எழுதுகிறேன். அவசரப்பட்டு எல்லா “கெள”வையும் “கௌ” ஆக்கிவிடாதீர்கள், மீன் நூல்களில் உள்ள கெளுத்தி கெட்டுவிடும்.

விளைவு

புத்தகம் இல்லை என்று வாசகர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அதைவிட மோசம், தேடிக் கிடைக்காததால் தன்னார்வலர்கள் அதே நூலைப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள்: 1184ம் 6207ம் ஒரே பிரதி. திருத்தம் வந்ததும் இந்த இரட்டைகள் வெளியே வரும். அவற்றைத் தானாக அழிக்க வேண்டாம். ஒன்றில் கடன் கணக்கு இருக்கும், நாங்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறோம்.

கன்னட நூல்களில் இந்தக் கோளாறு தெரியவில்லை. அவை எல்லாம் நேரடியாகத் தட்டியவை. ஆனால் கன்னட ஒகரக் குறியும் இப்படி இரண்டாகப் பிரியக்கூடியதே, எனவே திருத்தத்தைத் தமிழுக்கு மட்டும் என்று கட்டிவிடாதீர்கள்.

1184, 6207 இரண்டின் ஏற்றுமதிக் கோப்பும், இரண்டாம், நான்காம் படிகளின் திரைப்பிடிப்புகளும் இணைப்பில். முழுத் தரவு வேண்டுமானால் உறுப்பினர் விவரங்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.