சப்ஜெக்ட்: ஆஃபர் ஏத்துக்குறேன், டாக்குமென்டேஷன் எக்ஸிகியூட்டிவ், மணலி யார்டு, ஜூன் 15 ஜாயினிங்

வணக்கம் மேடம்,

ஆஃபர் லெட்டர் வந்துச்சு, ரொம்ப நன்றி. வேலைக்கு வர எனக்கு முழு சம்மதம், சைன் பண்ண காப்பிய இதோட அட்டாச் பண்ணியிருக்கேன். இம்போர்ட் பக்கமே இருந்துட்ட எனக்கு எக்ஸ்போர்ட்டும் கத்துக்க கிடைக்குதுன்னு நெஜமாவே சந்தோஷம்.

சம்பளம் நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு மட்டும் பாத்துடுங்க. சிடிசி வருஷத்துக்கு 3,06,000. அதுல மாச கிராஸ் 24,000, பேசிக் 12,500, பிஎஃப் என் பங்கு 1,500 போக கைக்கு 22,500 வரும், கம்பெனி பங்கு 1,500 கிராஸுக்கு மேல தனி. தொழில் வரி அரை வருஷத்துக்கு ஒருக்க புடிப்பீங்க, அது தெரியும். கிராஸ் 21,000-ஐ தாண்டுறதால இஎஸ்ஐ வராது, அதனால போன்ல நீங்க சொன்ன மெடிக்ளெய்ம்ல அம்மாவையும் சேக்க முடியுமா, ஜாயின் பண்ண அன்னைலேந்தே கவர் உண்டா, லெட்டர்ல அதப் பத்தி ஒண்ணும் இல்ல.

தேதி ஜூன் 15 திங்கக்கெழம. இங்க எனக்கு 30 நாள் நோட்டீஸ், மே 13 பேப்பர் போட்டா ஜூன் 12 வெள்ளிக்கெழம ரிலீவ் ஆயிடுவேன். உங்க பதில் மெயில்ல வந்தப்புறம்தான் பேப்பர் போடுவேன் மேடம், வீட்ல என் சம்பளம்தான் ஓடுது, அதனால மே 12-ஆம் தேதி சாயங்காலத்துக்குள்ள சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும். லேட்டானா அத்தன நாள் ஜாயினிங்கும் தள்ளும்.

இன்னும் பேசி முடிக்காதது நைட் ஷிஃப்ட். கப்பல் கட்-ஆஃப் நேரத்துல உக்காந்து வேல பாக்கணும்னு எனக்கு நல்லாவே தெரியும், அதுக்கு நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல மணலிலேந்து காலடிப்பேட்டைக்கு, டிரைலர் வரிசையா நிக்குற ரோட்ல ஷேர் ஆட்டோக்கு நின்னு வர முடியாது. வீட்டு வாசல் வரைக்கும் பிக்கப் டிராப் உண்டுன்னு இன்டர்வியூல மேனேஜர் சார் சொன்னாரு, அத ஒரு வரி எழுத்துல குடுத்துடுங்க.

அப்புறம் சர்டிபிகேட். ஒரிஜினல் எல்லாம் ஜாயினிங் அன்னைக்கு கொண்டாந்து காட்டுறேன், ஜெராக்ஸ் குடுத்துட்டு ஒரிஜினல கையோட எடுத்துட்டுப் போயிடுவேன். "சமர்ப்பிக்க வேண்டும்"னு லெட்டர்ல இருக்கு, வாங்கி வெச்சுக்குற மாதிரி இருந்தா எனக்கு சரிவராது, இதுல நான் மாற மாட்டேன்.

ரிலீவிங் லெட்டர் வர கொஞ்ச நாள் ஆகலாம், அதுவரைக்கும் ரெசிக்னேஷன் அக்செப்ட் பண்ண மெயில் போதுமா? ப்ரொபேஷன் 6 மாசம் ஓகே. யுஏஎன் பழசே இருக்கு, அதையே கன்டினியூ பண்ணிக்கலாம்.

நன்றி மேடம்,
கவிதா
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்