மணற்கேணியும் பேருந்துப் பலகையும்: குறள் 396-க்கான அனிமேஷன் படத்தின் முழு எழுத்து

படம் ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும். ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. கதை நடக்கும் இடம் நம்பியாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். கதையில் இருவர்: ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் இசக்கி, அவளுடைய ஆச்சி. கதைசொல்லும் குரல் எழுத்துத் தமிழிலும், ஆச்சியும் பேத்தியும் பேசுவது நெல்லை வழக்கிலும் இருக்கும். வரைபவர்களுக்கான குறிப்புகளைக் காட்சிகளுக்கு இடையிலேயே எழுதியிருக்கிறேன்.

காட்சி 1: சிலை

காட்சியில்: கன்னியாகுமரிக் கடல். பாறைமேல் வள்ளுவர் சிலை. சிலையின் பக்கவாட்டில் ஓர் அளவுகோல் அடியிலிருந்து எழுகிறது. ஒவ்வோர் அடியிலும் ஓர் எண்.

குரல்: இந்தச் சிலையின் உயரம், பீடத்தையும் சேர்த்து 133 அடி. திருக்குறளில் உள்ள அதிகாரங்களும் 133. பீடம் மட்டும் 38 அடி, ஏனென்றால் அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள் இருக்கின்றன. நாம் தேடிப் போகிற அதிகாரம் நாற்பதாவது. எண்ணிக்கொண்டே வாருங்கள்; அது வள்ளுவரின் பாதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அதிகாரத்தின் பெயர் கல்வி.

காட்சியில்: நாற்பதாம் கோட்டில் ஒரு சிறு கதவு திறக்கிறது. உள்ளே ஆற்று மணல்.

(இந்தக் காட்சி அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சிலையின் அழகில் மயங்கி இங்கேயே நின்றுவிட்டால் ஆற்றுக்குப் போய்ச் சேர மாட்டோம்.)

காட்சி 2: முதல் அடியைத் தப்பாகக் கேட்டல்

காட்சியில்: வறண்ட நம்பியாறு. கரையில் பனைகளும் உடைமரங்களும். மணலில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன:

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்

குரல்: இசக்கி இந்த அடியைப் பள்ளிக்கூடத்தில் கேட்டாள். கேட்டவுடன் அவளுக்கு இரண்டு சொற்கள் புரிந்துவிட்டன. தொட்டால் என்பது ஒன்று. தூறும் என்பது மற்றொன்று.

காட்சியில்: இசக்கி மணலை ஒரு விரலால் தொடுகிறாள். அண்ணாந்து பார்க்கிறாள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மறுபடியும் தொடுகிறாள், இந்த முறை இரண்டு கைகளாலும்.

இசக்கி: ஆச்சி, தொட்டுட்டேன். தூறவே மாட்டேங்கி!

ஆச்சி: நீ தொட்டா வானம் தூறிரும்னா, நான் எதுக்குட்டி தலையில குடம் சுமந்தேன்?

(இந்தக் குழப்பம் நான் கற்பனை செய்ததன்று. ஒரு பள்ளியில் முதல் வரைவைக் காட்டியபோது, பொருள் சொல்வதற்கு முன்பே பாதிக் குழந்தைகள் விரலால் தரையைத் தொட்டுக் காட்டினார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை, பொருளை முன்கூட்டிச் சொல்லாத என் எழுத்தில்தான் பிழை. ஆகவே அந்தத் தவற்றையே படத்துக்குள் கொண்டுவந்து, அதைத் தீர்த்துவிட்டு மேலே போகிறோம்.)

காட்சியில்: எழுத்துகள் பிரிந்து நகர்கின்றன. ‘தொட்டனைத் தூறும்’ என்பது ‘தொட்டனைத்து ஊறும்’ என்றாகிறது. ‘தூறும்’ என்பதில் இருந்த ‘த்’ முந்திய சொல்லுக்குத் தாவிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

குரல்: பழைய தமிழில் ‘தொடுதல்’ என்றால் தோண்டுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. ‘தூறும்’ என்று நம் காதில் விழுந்தது உண்மையில் ‘ஊறும்’. ‘தொட்டனைத்து’ என்றால் தோண்டிய அளவுக்கு. ஆக, மணலில் உள்ள கேணி, தோண்டிய அளவுக்கு ஊறும். இதை நம் ஊரில் ஊத்து என்பார்கள்.

காட்சி 3: முதல் அடியின் படம்

காட்சியில்: ஆச்சி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருகிறாள். கையில் ஒரு சிரட்டை. பக்கத்தில் ஒரு செம்பு. இசக்கிக்கும் ஒரு சிரட்டை கிடைக்கிறது.

குரல்: ஆற்றின் மேல்பகுதி காய்ந்து கிடக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் ஓடிய தண்ணீர் முழுவதும் கடலுக்குப் போய்விடவில்லை. அதில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கி, மணிக்கு மணி இடையே உள்ள சின்னஞ்சிறு இடைவெளிகளில் தங்கியிருக்கிறது.

காட்சியில்: படம் மணலுக்குள் இறங்குகிறது. மணல்மணிகள் பெரிய உருண்டைகளாகத் தெரிகின்றன. மேலே உள்ள உருண்டைகளின் இடையில் காற்று. கீழே போகப் போக, உருண்டைகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம். அதற்கும் கீழே இடைவெளி எல்லாம் தண்ணீர்.

ஆச்சி: முதல்ல ஒரு சாண் தோண்டு பாப்போம்.

காட்சியில்: இசக்கி தோண்டுகிறாள். குழிக்குப் பக்கத்தில் ஆச்சியின் கை அளவுகோலாக விரிகிறது: கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். மணலின் நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து அடர்பழுப்புக்கு மாறுகிறது. தண்ணீர் இல்லை. இசக்கி ஈர மணலைக் கையில் எடுத்து உருட்டுகிறாள். அது உருண்டையாக நிற்கிறது.

இசக்கி: தண்ணிய காணோமே, ஆச்சி.

ஆச்சி: ஈரம் வந்துட்டுல்லா. இன்னொரு சாண்.

காட்சியில்: இரண்டாம் சாண். குழியின் ஒரு பக்கம் சரிந்து, தோண்டியதில் பாதி மூடிவிடுகிறது. இசக்கியின் முகம் வாடுகிறது. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் குழியின் வாயைச் சிரட்டையால் அகலப்படுத்துகிறாள். மறுபடியும் தோண்டுகிறார்கள். குழியின் அடியில் மணல் மினுமினுக்கிறது. காலால் மிதித்தால் நீர் கசியும் அளவுக்கு.

குரல்: ஒரு சாணுக்கு ஈரம் வந்தது. இரண்டு சாணுக்குக் கசிவு வந்தது. அளவைக் கவனித்தீர்களா?

காட்சியில்: மூன்றாம் சாண். இப்போது பேச்சு இல்லை, இசையும் இல்லை. சிரட்டை மணலில் உரசும் ஓசை மட்டும். குழியின் பக்கங்களிலிருந்து தண்ணீர் மெல்ல ஒழுகி நடுவில் கூடுகிறது. முதலில் கலங்கலாக இருக்கிறது. ஆச்சி அதைச் சிரட்டையால் கோரி வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறாள். அடுத்து ஊறிய நீர் தெளிந்திருக்கிறது. அதில் இசக்கியின் முகம் தெரிகிறது. செம்பு நிறைகிறது.

(தெளியும்வரை காத்திருக்கும் அந்த எட்டு நொடியை யாரும் வெட்ட வேண்டாம். அவசரப்பட்டு முதல் கலங்கலிலேயே செம்பை முக்கினால் ஊத்துத் தோண்டியவர் யாரும் இந்தப் படத்தை நம்ப மாட்டார்கள். குழந்தை தனியாக ஆற்றுக்குள் இறங்குவது போன்ற சட்டகம் ஒன்றுகூட இருக்கக் கூடாது; ஆச்சி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் குறளை விளக்கும்போது ‘இறைக்க இறைக்க ஊறும், கொடுக்கக் கொடுக்க வளரும்’ என்று சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நல்ல கருத்துதான், ஆனால் வள்ளுவர் இங்கே சொன்னது தோண்டிய அளவைப் பற்றி. இறைத்த அளவைப் பற்றி அன்று. செம்பு நிறைந்ததும் குழியை விட்டு விலகிவிடுகிறோம்.)

காட்சி 4: நடுவில் நிற்கும் சொல்

காட்சியில்: மணலில் எழுதியிருந்த முதல் அடி மறுபடியும் தெரிகிறது. முதல் மூன்று சீர்கள் ஈரமாக அடர்ந்திருக்கின்றன. நான்காவது சீரான ‘மாந்தர்க்குக்’ மட்டும் காய்ந்த நிறத்திலேயே நிற்கிறது.

குரல்: முதல் அடியில் ஒரு சொல் இன்னும் நனையவில்லை. மாந்தர்க்கு என்றால் மனிதர்களுக்கு என்று பொருள். எழுதும்போது அது முதல் அடியின் கடைசியில் நிற்கிறது; பொருள் கொள்ளும்போது இரண்டாம் அடியோடு போகிறது.

காட்சியில்: அந்தச் சொல் மெல்ல எழுந்து, ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு பலகையாகச் சாய்கிறது. இசக்கியும் ஆச்சியும் செம்போடு அதன்மேல் நடந்து சாலைக்கு ஏறுகிறார்கள். சாலையில் இரண்டாம் அடி எழுதப்பட்டிருக்கிறது:

கற்றனைத் தூறும் அறிவு

குரல்: இங்கேயும் அதே ‘த்’. கற்றனைத்து ஊறும் அறிவு. கற்ற அளவுக்கு ஊறும்.

காட்சி 5: இரண்டாம் அடியின் படம்

(தலைக்கு மேலே விளக்கு எரிவது, மண்டையைத் திறந்து புத்தகத்தைக் கொட்டுவது போன்ற படங்கள் வேண்டாம். இந்தக் குறளில் அறிவு வெளியிலிருந்து ஊற்றப்படுவதில்லை.)

காட்சியில்: பேருந்து நிறுத்தம். வேப்பமரம். ஆனி மாதக் கார்த்திகை. ஆச்சி மாதந்தோறும் கார்த்திகைக்குத் திருச்செந்தூர் போகிறவள். திரையின் கீழ்மூலையில் அந்த மணல்குழி சிறிதாகத் தெரிகிறது. இப்போது அது காலியாக இருக்கிறது.

குரல்: ஆச்சிக்கு எழுத்து தெரியாது. வருகிற பேருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்பாள். இசக்கிக்கு இந்த மாதம் ஓர் எழுத்து தெரியும்.

காட்சியில்: மூன்று பேருந்துகள் வரிசையாக வருகின்றன. பலகைகளில் எழுத்துகள் மணல் படிந்தது போல் மங்கலாக இருக்கின்றன. முதல் எழுத்து மட்டும் ஈர மணலின் அதே அடர்பழுப்பில் தெரிகிறது: தி. தி. தி.

குரல்: திசையன்விளை, திருநெல்வேலி, திருச்செந்தூர். மூன்றுக்கும் முதல் எழுத்து ஒன்றே.

காட்சியில்: இசக்கி முதல் பேருந்தில் ஏறுகிறாள். நடத்துநர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இறக்கிவிடுகிறார். கீழ்மூலையில் குழி ஒரு சாண் ஆழமாகிறது. ஈரம் மட்டும்.

காட்சியில்: ஆடி மாதக் கார்த்திகை. அதே நிறுத்தம். இசக்கிக்கு இப்போது இரண்டு எழுத்துகள் தெரியும்: தி, ரு. திசையன்விளைப் பலகையில் இரண்டாவது எழுத்து வேறு. அந்தப் பேருந்தை அவள் கையசைத்து அனுப்பிவிடுகிறாள். மற்ற இரண்டுக்கும் முன்னால் நின்று மாறி மாறிப் பார்க்கிறாள். திரு, திரு. குழியில் இரண்டாம் சாண். மணல் மினுமினுக்கிறது.

இசக்கி: ஆச்சி, ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னுதான் தெரியல.

ஆச்சி: போன மாசம் மூணுல ஒண்ணுன்ன. இப்ப ரெண்டா ஆயிட்டுல்லா.

குரல்: முன்பு மூன்று பேருந்துகளில் திகைத்தாள். இப்போது இரண்டில் மட்டுமே திகைக்கிறாள். ஓர் எழுத்து அதிகமாகக் கற்றதற்கு ஊறிய அறிவு சரியாக அந்த அளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காட்சியில்: இரவு. வீட்டுத் திண்ணை. ஒரு முறத்தில் மணலைப் பரப்பி இசக்கி விரலால் எழுதுகிறாள்: ச், ச், ச். புள்ளி வைக்க மறக்கிறாள். அழித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறாள்.

காட்சி 6: இரண்டு அடிகளும் ஒன்றாக

காட்சியில்: ஆவணி மாதக் கார்த்திகை. திரை நேர்பாதியாகப் பிரிகிறது. இடப்பக்கம் குழி, வலப்பக்கம் பலகை. இடப்பக்கத்தில் சிரட்டை மூன்றாம் சாணுக்கு இறங்குகிறது. வலப்பக்கத்தில் ‘திரு’வை அடுத்து மூன்றாம் எழுத்தின் மேலிருந்த மணல் உதிர்கிறது: ச். அந்த நொடியில் இடப்பக்கம் தண்ணீர் ஒழுகி நிறைகிறது. வலப்பக்கம் மீதமுள்ள எழுத்துகள் வரிசையாக ஈரமாகின்றன.

குரல் (குறளை முழுதாக, நிதானமாக):
தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்
கற்றனைத் தூறும் அறிவு.

காட்சியில்: நடுக்கோடு மறைகிறது. தூரத்தில் ஒரு பேருந்து புழுதியோடு வருகிறது. ஆச்சி வழக்கம்போலப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கத் திரும்புகிறாள். இசக்கி அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

இசக்கி: திருச்செந்தூர், ஆச்சி. ஏறு.

காட்சியில்: ஆச்சி பலகையையும் பேத்தியையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஏறுகிறாள். சன்னலோரம் உட்கார்ந்ததும் மடியில் இருந்த செம்பை இசக்கியிடம் நீட்டுகிறாள். இசக்கி அண்ணாந்து குடிக்கிறாள். பேருந்து ஆற்றுப் பாலத்தின்மேல் போகும்போது, கீழே மணலில் அந்தக் குழி சின்ன வட்டமாக மின்னுகிறது.