உச்சியிலிருந்து

மனிதர்களை எனக்கு உச்சந்தலையில்தான் தெரியும். யாருக்கு எந்தப் பக்கம் வகிடு, யாருக்கு எங்கே முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது, அதை அவர்களே அறிவதற்கு எத்தனை மாதம் முன்னால் தொடங்கியது என்பதெல்லாம் சொல்வேன். முகம் தெரிய வேண்டுமென்றால் அவர்கள் மல்லாந்து படுக்க வேண்டும். அப்படிப் படுத்துக் கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தவர்கள். இந்த அறைக்கு வந்த எல்லோரும் ஏதாவது ஒரு ராத்திரி அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

பத்துக்குப் பத்து அறை. நடுவில் ஒரு கொக்கி, அதில் நான். மூன்று இறக்கை, 48 அங்குல வீச்சு. வந்தபோது கிரீம் நிறம், இப்போது என்ன நிறமென்று சொல்வது கஷ்டம். சாவி கைமாறும்போது வீட்டுக்காரர் என்னை ஒருமுறை போட்டுக் காட்டுவார். "ஃபேன் இருக்கு, லைட் இருக்கு." அவ்வளவுதான் அறிமுகம். கட்டில் வரும், போகும். அலமாரி வரும், போகும். நான் அறையோடு சேர்ந்தவன்.

என் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது. நடுவில் ஏதோ சுழல்கிறது, இறக்கை அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. என் நடுவில் செப்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்று இருக்கிறது. அது அசையவே அசையாது. அதைச் சுற்றி என் வெளி உடம்புதான் இறக்கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று ஓடும்போதும் உள்ளே ஓர் இடம் அப்படியே நிற்கிறது. நான் எல்லாவற்றையும் பார்த்தது அந்த இடத்திலிருந்துதான்.

அறையை நான் குளிர வைப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். என்னால் அது முடியாது. இருக்கிற காற்றைத்தான் கீழே தள்ளுகிறேன். அது வேர்வையில் பட்டு, வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. ஆள் இல்லாத அறையில் நாள் முழுக்கச் சுழன்றாலும் அறை ஒரு துளி குளிராது, என் காயிலின் சூட்டால் அறையின் சூடு கொஞ்சம் கூடத்தான் செய்யும். உடம்பு ஒன்று கீழே இருந்தால்தான் என் வேலைக்கு அர்த்தம். அறை காலியாகக் கிடந்த மாதங்களில் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவன் பரீட்சைக்குப் படிக்கிறவன். தரையெல்லாம் தாள். நான் ஐந்தில் ஓடினால் தாள் பறக்கும், ஒன்றில் ஓடினால் அவனுக்கு வேர்க்கும். செருப்பு, டம்ளர், பூட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் தாள் மேல் வைத்துவிட்டு என்னை ஐந்திலேயே விட்டான். எதிர்ச் சுவரில் ஆணியில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. என் காற்றில் அதன் கீழ் ஓரம் எழும்பிச் சுவரில் டப்பென்று விழும், மறுபடி எழும்பும். அவன் அதைக் கேட்டுக்கொண்டே படித்தான். கரண்ட் போனால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பான். நான் ஓடும்போது என்னை யாரும் கேட்பதில்லை. நின்றால் தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவனுக்குத் தேர்வு முடிவு எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பெட்டி கட்டினான், முகம் தெரியவில்லை, உச்சந்தலைதான்.

அடுத்து வந்தது ஒரு கணவன், மனைவி, ஒரு சின்னப் பையன். இந்த அறை மூன்று பேருக்குப் போதாது, ஆனால் அவர்கள் மூவரும் எப்படியோ அதில் அடங்கினார்கள். கணவர் ரெகுலேட்டரை இரண்டுக்கு மேல் வைக்க விடமாட்டார், கரண்ட் மிச்சமாகட்டும் என்று. அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டர் அது. வேகத்தைக் குறைத்தால், எனக்கு வராத மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு அந்தப் பெட்டிக்குள் சூடாகப் போகும். அதைத் தொட்டுப் பார்த்திருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். மூன்று பேரும் வேர்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தும் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்னும் ஆறாத ஒன்று அது.

அந்தப் பையனைப் போல என்னை யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் தூக்கம் வராமல் பார்த்தார்கள், அவன் பார்ப்பதற்காகவே பார்த்தான். ஒரு சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டதும் கத்தினான்.

"அப்பா, ஃபேன் திரும்பிச் சுத்துது!"

"கண்ணைத் தேய்ச்சுட்டுப் பாருடா."

"நெசமா, அப்பா. பின்னாடி போகுது."

பையன் பொய் சொல்லவில்லை. அந்த டியூப்லைட் ஒரே சீராக எரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மங்கி மங்கி எரியும். வெளிச்சம் கூடும் நேரத்தில் என் அடுத்த இறக்கை, முந்தைய இறக்கை இருந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் வந்திருந்தால், நான் பின்னோக்கிப் போவதாகத்தான் தெரியும். சில வேகங்களில் நான் நின்றுவிட்டது போலவும் தெரிவேன். அவர் பக்கத்தில் வந்து மல்லாந்து படுத்துப் பார்த்தார். அப்புறம் அவளும் வந்தாள். மூன்று முகமும் ஒரே வரிசையில். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

பந்தை எறிந்தவனும் அவன்தான். ஓடும்போது வந்து பட்டது. ஒரு இறக்கையின் கை கொஞ்சம் வளைந்தது, அன்றிலிருந்து லேசாக ஆடினேன். ஆட ஆட, மேலே கம்பியில் இருக்கிற கப்பின் திருகு தளர்ந்தது. சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று சத்தம். அவர்கள் போன பிறகும் அந்தச் சத்தம் இருந்தது. சுவரில் அவன் கிறுக்கியதை வெள்ளையடித்து மறைத்தார்கள், ஜன்னலில் ஒட்டிய படங்களைச் சுரண்டினார்கள். டக் மட்டும் எஞ்சியது.

அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒரு பெரியவரைத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆறு மாதம், எட்டு மாதம். அவர் நான்கு வருஷம் இருந்தார். குளிர் நாளிலும் என்னை நிறுத்தமாட்டார். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னை ஒன்றில் ஓடவிடுவார். ஒருமுறை மகள் வந்து தங்கியவள் கேட்டாள்.

"குளிருதுன்னு சொல்றீங்க, ஃபேனையும் போட்டிருக்கீங்களே, அப்பா?"

"நிறுத்திட்டா ரூம்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கும்மா."

மகள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. போய் இன்னொரு போர்வை எடுத்து வந்து போர்த்திவிட்டாள். அன்றுதான் எனக்குப் புரிந்தது, அவர் என்னிடம் கேட்டது காற்றையே இல்லை என்று. ஒன்றில் ஓடும்போது என் டக் நிதானமாக வரும். அவர் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அதன் கூடவே நடக்கத் தொடங்கும். மூச்சு சீரானதும் தூங்கிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். பந்து எறிந்த பையனுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவான்.

இப்போது இருப்பவள் ராத்திரி வேலைக்குப் போகிறவள். விடிந்ததும் வருவாள், ஜன்னலைத் துணியால் மறைத்துவிட்டுப் பகலில் தூங்குவாள். அவள் வந்தபோது நான் அநேகமாக முடிந்திருந்தேன். என் கண்டென்சர் போய்விட்டது. விரல் பருமனுள்ள சின்னப் பொருள்தான், ஆனால் எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்று எனக்குச் சொல்வதே அதுதான். அது இல்லாமல் ஸ்விட்சைப் போட்டால் உம்மென்று உறுமிக்கொண்டு நிற்பேன். அவள் துடைப்பக் காம்பால் இறக்கையைத் தள்ளிவிடுவாள், அப்புறம் மெதுவாகப் பிடித்துக்கொள்வேன். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டாள். தள்ளிய பக்கமே கிளம்பிவிட்டேன், எனக்கு வேறு வழியில்லை. காற்று கீழே வராமல் மேலே போயிற்று. அவள் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்துவிட்டு, வேர்த்து எழுந்து, நிறுத்தி, மறுபடி சரியான பக்கம் தள்ளினாள். அலுத்துக்கொள்ளவில்லை. "சரி, இப்பப் போ" என்றாள். என்னிடம் நேராகப் பேசிய முதல் ஆள் அவள்.

வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னாள். "சுத்துதுல்ல?" என்றார். மூன்றாம் தடவை கேட்காமல் எலக்ட்ரீஷியனை அவளே அழைத்து வந்தாள்.

அவர் ஸ்டூல் மேல் ஏறினார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு ஒரு முகம் எனக்கு நேராக, ஒரு முழ தூரத்தில். இறக்கையின் முன் ஓரத்தில் கறுப்பாகப் படிந்திருந்த தூசியை விரலால் வழித்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா தள்ளிவிட்டு ஓட்டறீங்க?"

"வந்ததுலேருந்துண்ணே."

"காயில் நல்லாருக்கும்மா. கண்டென்சர்தான். 2.5 போட்டாப் போதும். அந்த டக் சத்தத்தையும் எடுத்துடவா?"

"எடுத்துடுங்கண்ணே" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். அவளுக்கு அது வெறும் கோளாறு. அவர் ஒவ்வொரு இறக்கையின் நுனிக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தைக் குச்சியால் அளந்தார், வளைந்த கையைப் பொறுமையாக நிமிர்த்தினார், கப்பைச் சரியான இடத்தில் நிறுத்தித் திருகை முறுக்கினார். அந்த வேலைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே இறங்கியவர் ஸ்விட்சைப் போட்டார். யாரும் தள்ளாமல் நானாகக் கிளம்பினேன். ஐந்து. அடைந்து கிடந்த தூசியெல்லாம் பறந்தது, அவள் இருமிக்கொண்டே சிரித்தாள்.

அன்று அவளுக்கு வேலை இல்லை போல, ராத்திரி அறையிலேயே இருந்தாள். விளக்கை அணைத்துவிட்டு மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடவில்லை. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் துணியைத் தாண்டி அவள் நெற்றியில் விழுந்திருந்தது. நான் சத்தமே இல்லாமல் ஓடினேன். ஒரு பக்கம் புரண்டாள், மறுபக்கம் புரண்டாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இந்த அறையில் அவளுக்கும் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் டக்கென்ற சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறாள். அது இல்லாதது அவளுக்கும் பழக்கமில்லை, எனக்கும் இல்லை.

அப்போது எதிர்ச் சுவரில் டப்பென்று கேட்டது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடியும் டப். அவள் வந்த புதிதில் பழைய ஆணியில் ஒரு காலண்டரை மாட்டியிருந்தாள். என் காற்று அது வரைக்கும் போகாததால் இத்தனை நாளும் அது அசையாமல் தொங்கியது. இப்போது கீழ் ஓரம் எழும்பிச் சுவரில் விழுந்தது, எழும்பி விழுந்தது. அவள் இருட்டில் நடந்துபோய் உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு வந்து படுத்தாள்.

டப். கொஞ்சம் இடைவெளி. டப்.

அவள் மூச்சு இறங்கத் தொடங்கியது.