2026ஆம் ஆண்டுக்கான பாதீடு: பிரதேச சபைத் தவிசாளரின் சமர்ப்பண உரை

மதிப்புக்குரிய உப தவிசாளர் அவர்களே, உறுப்பினர்களே, செயலாளர், உத்தியோகத்தர்களே, பார்வையாளர் பகுதியில் அமர்ந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனங்களே, வணக்கம்.

2023 மார்ச்சில் முன்னைய சபையின் காலம் முடிந்த பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்டபத்தில் உறுப்பினர்கள் எவரும் இருக்கவில்லை. பாதீட்டைச் செயலாளரே தயாரித்தார், செயலாளரே நடைமுறைப்படுத்தினார். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு நாங்களே தயாரிக்கும் முதற் பாதீடு இது. ஆகவே கணக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டுமன்றி, காலையில் சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுவரும் அம்மாவுக்கும் விளங்கவேண்டும் என்ற எண்ணத்துடன் பேசுகிறேன்.

2026இல் எமக்கு வரும் என்று எதிர்பார்க்கும் மொத்தப் பணம் 18 கோடியே 50 இலட்சம் ரூபாய். தொகை பெரிதாகத் தோன்றும். அதை 100 ரூபாயாகச் சுருக்கிப் பாருங்கள். 65 ரூபாய் அரசாங்கத்தின் மானியம், மிச்சம் 35 ரூபாய்தான் எங்கள் சொந்த வருமானம்.

மானியத்தில் பெரும் பகுதி, 7 கோடியே 80 இலட்சம், எமது நிரந்தர ஊழியர்களின் சம்பளத்துக்காக மாகாண சபை மூலம் கிடைக்கும் மீளளிப்பு. அதை வேறெதற்கும் தொடமுடியாது. அடுத்த 4 கோடியே 20 இலட்சம் அபிவிருத்தி மானியம். அதுவும் எந்த வேலைக்கு என்று எழுதப்பட்டே வருகிறது. வீதிக்கு வந்த பணத்தில் வாய்க்கால் வெட்ட முடியாது. ஆண்டு முடிவதற்குள் வேலையை முடிக்காவிட்டால் செலவழியாத பணம் திரும்பிப் போய்விடும். அதனால் மார்ச் மாதத்துக்குள் எல்லா மதிப்பீடுகளையும் முடித்துக் கேள்வி கோரவேண்டும் என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரை இப்போதே கேட்டிருக்கிறேன்.

நாங்களாக முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் என்றால் 6 கோடியே 50 இலட்சம் சொந்த வருமானம் மட்டுமே. அதிலும் 2 கோடியே 40 இலட்சம் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும். காணி கைமாறினால்தான் முத்திரைத் தீர்வை வரும். அதுவும் மாகாணத்தின் வழியாக, பிந்தித்தான் வரும். சந்தைக் குத்தகையும் கடை வாடகையும் 1 கோடியே 88 இலட்சம். வியாபார உரிமமும் கட்டட அனுமதியும் 74 இலட்சம். கழிவகற்றல், தண்ணீர் பவுசர், மயானம், மண்டபம் ஆகிய சேவைகளால் 52 இலட்சம். கடைசியாக ஆதனவரி, பழைய ஆட்களின் வாயில் சோலைவரி, 96 இலட்சம்.

இந்தச் சோலைவரியில் சற்று நிற்கவேண்டும். எங்கள் பதிவேட்டில் உள்ள ஒரு சாதாரண வீட்டின் வருடாந்தப் பெறுமதி 6,000 ரூபாய். நாங்கள் அறவிடும் வீதம் 4 சதவீதம். ஆக, வரி ஆண்டுக்கு 240 ரூபாய், காலாண்டுக்கு 60 ரூபாய். ஜனவரி 31ஆம் திகதிக்குள் முழுவதையும் கட்டினால் 10 சதவீதம் கழிவு, 216 ரூபாயுடன் ஒரு வருடக் கணக்கு முடிந்துவிடும். ஆனால் நிலுவையில் நிற்பது 71 இலட்சம். அந்த 60 ரூபாயை வாங்க எமது வருமான உத்தியோகத்தர் மூன்று முறை படலையைத் தட்டினால், பெற்றோல் செலவே வரியை விட மிஞ்சிவிடும். நிலுவையில் ஒரு நல்ல பங்கு, பூட்டிக் கிடக்கும் வீடுகளுடையது. உரிமையாளர்கள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிறார்கள். அவர்களின் முற்றத்துக்கு முன்னாலும் வீதி விளக்கு எரிகிறது, குப்பை உழவு இயந்திரம் போகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் வந்து கட்டலாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் அனுப்பவுள்ளோம். வரி வீதத்தை இந்த ஆண்டு கூட்டவில்லை. தரவேண்டியதைத் தராதவர் இருக்க, ஒழுங்காகக் கட்டுபவரின் தலையில் மேலும் ஏற்றுவதை நான் விரும்பவில்லை.

சந்தை பற்றி ஒரு வார்த்தை. குத்தகைக்காரர் அறவிடவேண்டிய கட்டணம் சபை விதித்தது, அவர் விரும்பியது அல்ல. கட்டண விபரம் எழுதிய பலகை ஜனவரி முதலாம் திகதி வாசலில் நிற்கும். பற்றுச்சீட்டுத் தராமல் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம்.

செலவைப் பார்ப்போம். 100 ரூபாயில் 49 சம்பளமும் படிகளும், 18 அன்றாடச் சேவைகள், 33 அபிவிருத்தி. அன்றாடச் சேவை என்றால் கழிவகற்றும் வாகனங்களின் எரிபொருளும் திருத்தமும், வீதி விளக்கு, நூலகம், அலுவலகச் செலவு. அபிவிருத்திக்கு ஒதுக்கியது 6 கோடியே 5 இலட்சம். மானியத்தால் நடப்பவை இரண்டு உள்ளக வீதிகளுக்குத் தார் இடுதல், சந்தைக் கூரை, ஒரு முன்பள்ளிக் கட்டடம். பிரதான வீதியில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். அது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, நாங்கள் எழுதிக் கேட்கலாம், கல்லைப் போட முடியாது. ஒழுங்கைகளே எங்கள் பொறுப்பு.

சொந்தப் பணத்தில் செய்பவை 1 கோடியே 85 இலட்சத்துக்கானவை. ஒழுங்கைகளில் 12 சிறு மதகுகளுக்கு 24 இலட்சம், எல்.ஈ.டி. விளக்குகளுக்கு 30 இலட்சம், சேதனப் பசளை நிலையத்துக்கு 28 இலட்சம், நூலகத்துக்கும் சனசமூக நிலையங்களுக்கும் 18 இலட்சம். மீதி 85 இலட்சமும் ஒரேயொரு வாய்க்காலுக்கு. முன்னோடிக் கூட்டத்தில் இதுதான் கடும் விவாதமானது. ஒரு வட்டாரத்துக்கே அள்ளிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

கார்த்திகை மழையில் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைக்கு நான் போனேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஒரு பிள்ளை சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மதிலைப் பற்றியபடி பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அவள் கால் வைத்த இடத்தில் சந்தைக் கழிவு மிதந்தது. அந்தத் தண்ணீர் அந்த ஒழுங்கையில் பெய்த மழை அல்ல. மூன்று வட்டாரங்களின் வெள்ளம் அங்கே வந்து தேங்குகிறது. ஆகவே 340 மீற்றர் கொங்கிரீட் வாய்க்கால், மீற்றருக்கு 25,000 ரூபாய். அதைப் பாதியில் விட்டால் அடுத்த வளவுக்குள் வெள்ளத்தைத் தள்ளிவிட்டதாகவே முடியும்.

வாய்க்கால் முடியுமிடம் எங்கள் குளம். கடலுக்கு விடலாமே என்றார் ஓர் உறுப்பினர். இந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை குளத்தில் நின்று சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. கடலுக்கு அனுப்பும் ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் ஆவணி வெயிலில் பவுசரில் தேடவேண்டிவரும். ஆனால் குளத்தில் குப்பையும் கழிவு எண்ணெயும் சேர்ந்தால் அதுவும் அதே கல்லுக்குள் இறங்கும். அதனால் வாய்க்காலின் முடிவில் கம்பித் தடுப்பும் வண்டல் படியும் தொட்டியும் மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டுள்ளன. தொட்டியை மாதம் ஒருமுறை துப்புரவு செய்யும் பொறுப்பைச் சுகாதாரப் பிரிவு ஏற்றிருக்கிறது.

ஒவ்வொரு வேலைத்தலத்திலும் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரர், தொடங்கும் நாள், முடியும் நாள் எழுதிய பலகை வைக்கப்படும். பலகையில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும் பொருந்தாவிட்டால், அந்த வட்டார உறுப்பினரிடமும் என்னிடமும் கேளுங்கள்.

வரவு 18 கோடியே 50 இலட்சம், செலவு 18 கோடியே 45 இலட்சம், மிகை 5 இலட்சம். வாய்க்கால் ஒதுக்கீட்டைத் தனியாக வாக்கெடுப்புக்கு விடவேண்டும் என்று ஓர் உறுப்பினர் எழுத்தில் கேட்டிருக்கிறார். அதற்கு நான் இணங்குகிறேன். அதையே முதலில் விவாதத்துக்கு எடுப்போம். 2026ஆம் ஆண்டுக்கான பாதீட்டைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.